சுவருக்குள் விட்ட கேபிள்

என்னிடம் வருடக்கணக்கில் வேலை பார்த்த ஒருவரை நான் அறைந்தேன். விரித்த கையால், இடது காதோடு சேர்த்து. ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மதியம், விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது. அவர் மேல் தப்பு இல்லை. தப்பு என்னுடையது என்பது கையை ஓங்கும்போதே எனக்குத் தெரியும். தெரியாமல் அடித்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

தென்னூரில் எனக்கு ஆடியோ கடை. இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, கொஞ்ச காலம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, பிறகு கடைக்கு வந்தவன். அதனால் ஊரில் எனக்கு ஒரு தனி மதிப்பு. "படிச்சவரு, சரியாத்தான் சொல்லுவாரு" என்பார்கள். வீடுகளில் தியேட்டர் மாதிரி சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக்கொடுப்பது எங்கள் வேலை. நான் திட்டம் போடுவேன். நான் அறைந்த அந்த ஆள் போய்ப் பொருத்துவார். அவர் அடக்கமான ஆள் கிடையாது. நல்ல உயரம், வாய்த் துடுக்கு. "சாருக்குப் பேச்சு, எனக்கு ஏணி" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லுவார். நாற்பதைத் தாண்டியும் கோபம் வந்தால் ஸ்குரூ டிரைவரைச் சுவரில் எறிகிற ஆள். ஆனால் ஸ்பீக்கர்களைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். எந்த மூலையில் எது கொஞ்சம் அதிகம், எது குறைவு என்று கருவியை எடுக்கும் முன்பே காதால் சொல்லிவிடுவார். அவர் பிழைப்பே அந்தக் காதுதான்.

அந்த வீட்டுக்காரர் வாழை மண்டி வைத்திருப்பவர். முசிறிப் பக்கத்துக்காரர், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கமாகப் புது வீடு கட்டினார். ஹாலில் பெரிய டிவி, கூரை உட்பட எல்லாப் பக்கமும் ஸ்பீக்கர். அவர் மனைவி ஒன்றே ஒன்று கேட்டார். டிவிக்குக் கீழே பெட்டியும் வயருமாகத் தெரியக்கூடாது. அதனால் டிஸ்க் பிளேயரை மட்டும் டிவி அடியில் இழுப்பறைக்குள் வைத்து டிவியிலேயே செருகுவது, ஆம்ப்ளிஃபையரைப் பின்சுவர் அலமாரிக்குள் வைப்பது என்று திட்டம் போட்டேன். இரண்டுக்கும் நடுவில் சுவருக்குள் ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள்.

இந்த அமைப்பில் சத்தம் டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குத் திரும்பி வர வேண்டும். படம் போகிற கேபிளிலேயே சத்தம் எதிர்த் திசையில் வருவதற்கு ஒரு வழி உண்டு. பழைய வழிக்கு ஆர்க் என்று பெயர். அதில் இடம் குறைவு. இரண்டு சேனல் என்றால் முழுசாகப் போகும். அதற்கு மேல் என்றால் சுருக்கி, சிலவற்றை விட்டுவிட்டுத்தான் போகும். டிஸ்க்கில் எதையும் விடாமல் பதிந்திருக்கிற சுற்றொலி அப்படியே வர வேண்டுமானால் புது வழி வேண்டும், அது இ-ஆர்க். அதற்கு மூன்று விஷயம் சேர வேண்டும். டிவியும் ஆம்ப்ளிஃபையரும் இ-ஆர்க் தெரிந்தவையாக இருக்க வேண்டும். டிவியில் இருக்கும் நாலு துளைகளில் அந்தப் பெயர் போட்ட ஒன்றில் கேபிளின் ஒரு முனையை, ஆம்ப்ளிஃபையரில் டிவிக்குப் போகிற அவுட் துளையில் மறுமுனையைச் செருக வேண்டும். கேபிளும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழைய ஆர்க் ஒற்றைக் கம்பியில்கூட ஓடிவிடும். இ-ஆர்க்குக்கு ஒழுங்காகச் செய்த ஒரு ஜோடிக் கம்பி கேபிளுக்குள் வேண்டும்.

பூச்சு வேலைக்கு முன்பு சுவருக்குள் கேபிள் விட்டது நான். தூரம் அதிகம் என்பதால் சாதாரணச் செம்புக் கேபிள் தாங்காது. கடையில் முன்பே வாங்கிக் கிடந்த நீளமான ஃபைபர் கேபிள் ஒன்றை எடுத்துப் போனேன். கொத்தனார் பைப்பில் இரண்டு இடத்தில் செங்கோணமாக மடியும் முழங்கை இணைப்பு வைத்திருந்தார். பின்னால் உருவி மாற்ற வேண்டியிருந்தால் கேபிளின் தலை அதில் வராது. பார்த்தேன். "பரவாயில்ல, பூசுங்க" என்று சொன்னதும் நான்தான்.

வீடு பூசி, பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்த பிறகு ஒருநாள் கடையில் அந்தக் கேபிளின் காலிப் பெட்டி கையில் கிடைத்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. ஆர்க் வரும், இ-ஆர்க் வராது. படித்தேன். பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வாழை மண்டிக்காரர் சினிமாப் பாட்டு கேட்பார், நெட்டில் வருகிற படம் பார்ப்பார், அவருக்கு வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். அது உண்மையாகவும் இருந்தது. இணையத்தில் வரும் படங்களின் சத்தம் ஏற்கனவே சுருக்கியதுதான். கூரை ஸ்பீக்கர் வரைக்கும் போகிற வகைகூட அந்தச் சுருக்கிய வடிவத்தில் பழைய ஆர்க்கிலேயே வந்துவிடும். ஆம்ப்ளிஃபையரின் சின்னத் திரையில் பகட்டான பெயர் தெரியும். மண்டிக்காரர் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்.

பொருத்திய அன்று ஒன்று நடந்தது. என் ஆள் அவசரத்தில் கேபிளை டிவியின் முதல் துளையில் செருகிவிட்டார். படம் வந்தது, டிவியிலிருந்து சத்தம் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்து இ-ஆர்க் என்று எழுதிய துளைக்கு மாற்றிவிட்டார். யாருக்கும் வரக்கூடிய தவறு. மண்டிக்காரர் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

பிறகு துபாயிலிருந்து அவருடைய மைத்துனர் வந்தார். இந்த விஷயத்தில் பைத்தியம் உள்ளவர். டிஸ்க்குகள் சிலவற்றைப் பரிசாகக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமை விருந்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆம்ப்ளிஃபையர் திரையில் இழப்பில்லாத ஒலியின் பெயர் வரவில்லை. பழைய, சுருக்கிய வகையின் பெயர்தான் வந்தது. டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் இ-ஆர்க் சேரவில்லை என்றால் அவை தாமாகவே பழைய ஆர்க்குக்கு இறங்கிக்கொள்ளும். அப்போது டிவி பிளேயரிடம் பழைய வகையைத்தான் கேட்கும். பிளேயரும் அதையே கொடுக்கும்.

எனக்கு போன் வந்து நான் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் என் ஆள் அங்கே வந்திருந்தார். டிவியின் அமைப்புகளைத் திறந்து, சத்தத்தை மாற்றாமல் அப்படியே அனுப்பச் சொல்லியிருந்தார். இ-ஆர்க்கை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டிருந்தார். ஆம்ப்ளிஃபையரில் அவுட் துளையைச் சரிபார்த்திருந்தார். கரண்ட்டைப் பிடுங்கி மறுபடி கொடுத்துப் பார்த்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

மைத்துனர் சோபாவில் சாய்ந்தபடி சிரித்தார். "மாமா, இதுக்கா கூரையெல்லாம் ஓட்டை போட்டீங்க. எங்க ஃபிளாட்ல இருக்கிற சின்னப் பெட்டியே இதைவிட ஒழுங்கா வாசிக்கும்."

விருந்தாளிகளில் யாரோ, "அந்த அலமாரியில வாழைத்தாரை அடுக்கி வைங்க, பழுக்கவாவது செய்யும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மண்டிக்காரர் கையில் இருந்த ரிமோட்டை எறிந்தார். அது என் ஆளின் புருவத்தில் பட்டது. அவர் நிமிர்வதற்குள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, பின்தலையை அலமாரிக் கதவில் மோதினார்.

"முத நாளே தப்பான ஓட்டையில சொருகினவன்தானே நீ."

"கைய எடுங்க. துளையெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப எதுய்யா சரியில்ல?"

மறுபடி மோதினார். கதவுக் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, "விடுங்க, வீட்டுல வச்சு என்ன இது" என்றார். அவர் விடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க. தப்பு யார் மேல?"

 என் ஆள் என்னைப் பார்த்தார். புருவத்திலிருந்து இரத்தம் கண்ணோரம் இறங்கிக்கொண்டிருந்தது.

"மிச்சம் இருக்கிறது கேபிள் ஒண்ணுதான்" என்றார். "அதை நான் போடல. சொல்லுங்க சார். சுவருக்குள்ள என்ன கேபிள் விட்டீங்க?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் சொல்லியிருந்தால் சுவரை உடைக்க வேண்டியிருந்திருக்கும். என் பெயர் கொஞ்சம் கெட்டிருக்கும். அவ்வளவுதான். நான் நாலு எட்டு வைத்துப் போய் அவரை அறைந்தேன். இன்னொருவர் அவர் கழுத்தைப் பிடித்திருக்கும்போது, அவரால் விலக முடியாதபோது அறைந்தேன்.

"செய்யறதையும் செஞ்சுட்டு என்னையே கேக்குறியா" என்றேன். என் குரல் நடுங்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மண்டிக்காரர் கையை எடுத்தார். என் ஆள் காதைத் தொட்டு விரலைப் பார்த்தார். ஒரு துளி சிவப்பு. தலையை இரண்டு தரம் உதறினார், ஆற்றில் குளித்தவர் உதறுவது போல. பிறகு வலது பக்கத்தைக் காட்டினார்.

"இன்னொண்ணும் இருக்கு சார். வேணுமா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "அவனை நிறுத்திடறேன், வேற ஆள் அனுப்பிச் சரி பண்றேன்" என்று நான் மண்டிக்காரரிடம் சொன்னேன். அவர் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்தார். குடித்தேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் என் ஆள் வந்தார். ஷட்டரை இழுக்கிற இரும்புக் கம்பி வாசலில் சாய்ந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு நேராக, ஸ்பீக்கர்களைப் போட்டுக் காட்டுகிற டெமோ அறைக்குள் போனார். முதலில் கண்ணாடிக் கதவு. பிறகு ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டும். கம்பியை ஈட்டி மாதிரி பிடித்து உள்ளேயிருக்கிற ஒவ்வொரு காகிதக் கூம்பாகக் குத்திக் கிழித்தார். டிவியை நடுவில் அடித்தார். நான் தடுக்கப் போனேன். கம்பியைக் கீழே போட்டுவிட்டு என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தினார். என் கால் தரையில் சரியாகப் பதியவில்லை.

"போலீசைக் கூப்பிடுவேன்" என்றேன்.

"கூப்பிடுங்க. அவங்க முன்னாடியும் ஒண்ணு குடுங்க." முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "ஒரு பக்கம் குக்கர் விசில் மாதிரி கத்திக்கிட்டே இருக்கு சார். ராத்திரி பூரா. நிக்கவே மாட்டேங்குது."

இன்னும் கொஞ்சம் இறுக்கினார். எனக்குக் கண் இருட்டியது. அப்போது அவருக்கே தலை சுற்றியது. கை தளர்ந்து, கண்ணாடித் துண்டுகள் மேலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் சுவரைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் அவராகவே எழுந்து, உள்ளங்கையில் குத்தியிருந்த ஒரு துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்து போனார்.

பிறகு நடந்ததை, சில வாரம் கழித்து என் ஆளின் மனைவி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். செவிப்பறை கிழிந்திருந்தது. கிழிசல் ஆறிவிட்டது, ஆனால் உள்காதிலும் அடி பட்டிருக்கிறது, மெல்லிய கீச்சு ஒலிகள் அந்தப் பக்கம் திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் இன்னொன்று. மண்டிக்காரர் தனக்குத் தெரிந்த வீடு கட்டுகிறவர்களிடமும் எலக்ட்ரீஷியன்களிடமும் சொல்லிவைத்திருந்தார். துளைகூடத் தெரியாதவன், முதலாளியே நாலு பேர் முன்னால் அடித்து விரட்டினார் என்று. நான் அடித்ததுதான் சாட்சி. துவாக்குடி வரைக்கும் அலைந்தும் அவரை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அந்த அம்மா உட்காரவில்லை. உடைந்த அறையை ஒரு பார்வை பார்த்தார்.

"அவர் தப்பு பண்ணாரா சார்? அத மட்டும் சொல்லுங்க."

"இல்லம்மா."

"அப்ப அத அங்க போய்ச் சொல்லுங்க. எங்க அடிச்சீங்களோ அங்க. யாரெல்லாம் பாத்தாங்களோ அவங்ககிட்ட. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம்."

போனேன். மைத்துனர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், வழியனுப்ப வந்தவர்கள் ஹாலில் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். துளை சரி, அமைப்பு சரி, பெட்டிகள் சரி. கேபிள்தான் பொருந்தாதது. அது என்னுடையது. வீடு பூசிய பிறகு எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவரை அடித்தேன்.

மைத்துனர் மெல்ல, "ஒரு கேபிளுக்கா" என்றார்.

மண்டிக்காரர் எழுந்து வந்தார். அவர் என்னை அடிக்கவில்லை, இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினார். அவ்வளவு பலமாகத் தள்ள நினைத்திருக்க மாட்டார். நான் மார்பிள் தரையில் வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் ஏதோ விலகியது காதுக்கே கேட்டது.

"உங்க படிப்புக்கு மரியாதை குடுத்து உங்க வார்த்தையக் கேட்டேன்" என்றார். "அவன் கழுத்தைப் பிடிச்சது நான். நீங்க அடிக்கிறதுக்கு நான் பிடிச்சுக் குடுத்திருக்கேன்."

கொல்லைப்புறம் போய்க் கடப்பாரையோடு வந்தார். மனைவி வழியை மறித்தார். அவரை ஓரமாக நகர்த்திவிட்டுச் சுவரில் ஓங்கிக் குத்தினார். பெயிண்டும் பட்டியும் சிமெண்டும் கட்டி கட்டியாக விழுந்தன. மைத்துனர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தார், அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டே குத்தினார். ஹால் முழுக்கப் புழுதி. முழங்கை வளைவு வெளியே வந்தது. அதைப் பெயர்த்து, கேபிளைக் கையில் சுற்றி இழுத்து அறுத்தார். கூரையோரம் வரை சுவர் ஒரு நீளமான புண்ணாகத் திறந்து கிடந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுப்பிவிட யாரும் வரவில்லை. வந்திருக்கக்கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மண்டிக்காரர் பிறகு என் ஆளின் வீட்டுக்கே போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. யாரிடமெல்லாம் பழி சொன்னாரோ அவர்களிடமெல்லாம் மாற்றிச் சொல்லியிருக்கிறார். என் ஆளுக்கு இரண்டு வீடுகளில் வேலை வந்தது என்று கேள்விப்பட்டேன். அந்தச் சுவர் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். "அவர் வந்து பாக்கட்டும், பேச மட்டும் வேணாம்" என்று எனக்குச் சொல்லியனுப்பினார். கையில் கட்டோடு போய் ஓர் ஓரத்தில் நின்றேன்.

"வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா" என்று மண்டிக்காரர் அவரைக் கேட்டார். பழைய 'நீ' போயிருந்தது.

"கடப்பாரையை உள்ள வச்சுட்டீங்களா, அத முதல்ல சொல்லுங்க" என்றார் என் ஆள். அந்த வீட்டு அம்மா சிரித்துவிட்டார்.

புதுக் கேபிளின் பெட்டியில் இ-ஆர்க் என்று தெளிவாக இருந்தது. அதையும் நம்பாமல் தரையில் விரித்துப் போட்டு முதலில் சோதித்தார். ஃபைபர் கேபிளுக்குத் திசை உண்டு. ஆம்ப்ளிஃபையர் முனை எது, டிவி முனை எது என்று பார்த்துச் செருகினார். டிஸ்க்கைப் போட்டதும் ஆம்ப்ளிஃபையர் திரையில் எழுத்து மாறியது. இழப்பில்லாத ஒலியின் பெயர் வந்து நின்றது. மண்டிக்காரர் அதை மொபைலில் படம் எடுத்துத் துபாய்க்கு அனுப்பினார். அதற்குப் பிறகுதான் பெரிய வளைவுகள் உள்ள பைப் வைத்துக் கேபிளைச் சுவருக்குள் விட்டார், வேண்டும்போது உருவி எடுக்கும்படி.

கடைசியாக ஸ்பீக்கர்களைச் சரிபார்க்க உட்கார்ந்தார். ஆம்ப்ளிஃபையர் ஒவ்வொரு ஸ்பீக்கராக மாற்றி மாற்றி மழை இரைச்சல் மாதிரி ஒரு ஒலியை அனுப்பும். எல்லாம் ஒரே அளவில் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். முன்பக்கம், நடு, வலது, பின் வலது. தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பின் இடதுக்கு வந்தபோது தலை அசையவில்லை. காத்திருந்தார். மறுபடி அனுப்பினார். கண்ணைத் திறந்தார்.

எழுந்து, சோபாவைத் தனியாளாக முழுசும் திருப்பிப் போட்டார், டிவிக்கு முதுகு காட்டும்படி. உதவப் போன மண்டிக்காரரைக் கையால் தடுத்தார். அதில் உட்கார்ந்து, வலது காதை அந்த மூலைக்குக் கொடுத்துக் கேட்டார். பிறகும் சந்தேகம் தீராமல் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"அக்கா, கொஞ்சம் வந்து நில்லுங்க. இந்தப் பக்கம் மத்ததைவிடக் கம்மியா கேக்குதா?"

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டார். "இல்லையே தம்பி, ஒரே மாதிரிதான் இருக்கு."

"சரிங்க்கா" என்றார் அவர். அடுத்த ஸ்பீக்கருக்குப் போனார்.